டின் கணக்கில் ஒரு முன்மொழிவு: கிராமச் சங்கத்தின் முன் புதிய அரிசி ஆலைக்காகப் பேசுவது எப்படி

பர்மாவில் பெகு, தன்லின் பக்கத்துக் கிராமங்களில் தமிழரும் பர்மியரும் கரேன்களும் ஒரே கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது சாதாரணம். அப்படிப்பட்ட ஒரு தமவாயம சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், "பழைய ஹல்லரை விட்டுவிட்டுப் புது ஆலை போடலாம்" என்று முதன்முதலாக எழுந்து பேசப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். இயந்திரத்தின் படத்தையும் விலைப்பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தால், கூட்டம் விலையைப் பற்றி மட்டுமே சண்டை போட்டுக் கலைந்துவிடும். ஆலை பிழைக்குமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அதன் விலை அல்ல, வருஷத்துக்கு எத்தனை டின் நெல் உள்ளே வரும் என்பதுதான். அதனால் வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் நெல்லை எண்ணுங்கள்

ஒரு டின் நெல் 46 பவுண்டு, அதாவது 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 48 டின். கணக்கு முழுவதையும் டின்னிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

உதாரணத்துக்கு ஒரு சங்கம். உறுப்பினர்களிடம் மழைக்கால நெல் பயிராகும் நிலம் 900 ஏக்கர், ஏக்கருக்கு 60 டின் விளைச்சல். மொத்தம் 54,000 டின். புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த எண்ணை அப்படியே அட்டவணையில் எழுதிவிடுவார்கள். அந்த நெல் எல்லாம் ஆலைக்கு வராது. விதைக்கு ஏக்கருக்கு 2 டின் என்று 1,800 டின் போகும். உரத்துக்கும் கூலிக்கும் முன்பணம் வாங்கியவர்கள் களத்திலேயே வியாபாரிக்கு அளந்துவிட வேண்டியிருக்கும். அது எவ்வளவு என்று வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் தெரியும். இந்தச் சங்கத்தில் அது 16,000 டின் என்று வைப்போம். மிஞ்சுவது 36,000 டின் அளவு.

கோடை நெல்லை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அறுவடை இயந்திரத்திலிருந்து நேராக ஈரத்தோடு மூட்டை கட்டி வியாபாரியின் லாரியில் ஏறுகிற நெல் அது. மழை தொடங்கும் நேரத்தில் அதைக் காயவைக்க இடமும் இருக்காது. உலர்த்தும் இயந்திரம் வாங்குவது தனி முன்மொழிவு. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டும் விழும்.

வீடு வீடாகக் கேட்கும்போது "ஆலை வந்தால் நெல் கொண்டு வருவீங்களா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். "போன அறுவடையில எத்தனை டின்னை எந்த மில்லுல அரைச்சீங்க, எந்த மாசத்துல?" என்று கேளுங்கள். அந்தப் பதிலை நோட்டில் தேதியோடு எழுதி, அவரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். கூட்டத்தில் உங்களுக்குக் கைகொடுப்பது இந்த நோட்டுதான்.

பழைய ஹல்லர் எவ்வளவு தின்கிறது என்று நிறுத்துக் காட்டுங்கள்

இரும்பு ஹல்லரில் உமி நீக்குவதும் தவிடு தீட்டுவதும் ஒரே உருளைக்குள் நடக்கிறது. நெல் இரும்போடும் நெல்லோடும் உராய்ந்து உமி கழல்கிறது. அந்த அழுத்தத்தில் அரிசியும் உடைகிறது. உடைந்த பொடி, தவிடு, உமி மூன்றும் கலந்து ஒரே குவியலாக வெளியே வரும். நல்ல தவிடு உமியோடு கலந்துவிடுவதால் அதற்கு விலையும் கிடைக்காது. ரப்பர் உருளை ஆலையில் உமி நீக்குவது ஒரு இடத்தில், உமி கழலாத நெல்லைப் பிரிப்பது அடுத்த இடத்தில், தீட்டுவது மூன்றாவது இடத்தில். தவிடு தனியாக, சுத்தமாக இறங்கும்.

ஹல்லரில் நெல்லின் எடையில் 55 சதவீதம் அளவுக்கு அரிசி கிடைப்பது வழக்கம். சரியாக ஓட்டப்படும் சிறிய ரப்பர் உருளை ஆலையில் 63 சதவீதத்தை எதிர்பார்க்கலாம். 100 டின் நெல் என்பது 4,600 பவுண்டு. 55 சதவீதம் என்றால் 2,530 பவுண்டு அரிசி, 63 சதவீதம் என்றால் 2,898 பவுண்டு. வித்தியாசம் 368 பவுண்டு. 108 பவுண்டு மூட்டையில் சொன்னால் 3 மூட்டைக்கு மேல். கூட்டத்தில் பவுண்டைச் சொல்லாமல் மூட்டையைச் சொல்லுங்கள்.

ஆனால் புத்தக எண்ணை நம்பி யாரும் கை தூக்க மாட்டார்கள். ஒரே களத்து நெல்லில் 10 டின் எடுத்து நன்றாகக் கலந்து இரண்டாகப் பிரியுங்கள். 5 டின்னை உள்ளூர் ஹல்லரில், 5 டின்னை பக்கத்து ஊரில் ஓடும் ரப்பர் உருளை ஆலையில் அரைத்து, அரிசி, குருணை, தவிடு என்று தனித்தனியாக நிறுங்கள். இரண்டு நடையையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள், ஈரப்பதம் மாறாமல் இருக்க. இயந்திரம் விற்கிறவர் காட்டும் ஒத்திகையை இதற்குப் பதிலாக ஏற்காதீர்கள். அங்கே அரைபடுவது அவர்கள் தேர்ந்தெடுத்துக் காயவைத்த நெல். உங்கள் நெல் அப்படி இருக்காது.

இந்தச் சோதனையில் அடிக்கடி ஏமாற்றம் வரும் இடம் ஒன்று உண்டு. புது ஆலையிலும் குருணை அதிகமாக வந்தால் பலரும் இயந்திரத்தைக் குறை சொல்வார்கள். முதலில் நெல்லைப் பாருங்கள். பகலில் பாயில் நன்றாகக் காய்ந்த நெல், மூடாமல் விட்டால் இரவுப் பனியில் மறுபடி ஈரம் குடிக்கிறது. மணியின் வெளிப்புறம் உப்ப, உட்புறம் அப்படியே இருக்க, அரிசி குறுக்கே விரிசல் விடுகிறது. பத்து நெல்மணியை நகத்தால் உரித்து, வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற அரிசிக்குள் மயிரிழை போலக் குறுக்குக் கோடு தெரிந்தால், அந்த மணி எந்த ஆலையிலும் உடையும். ஈரப்பதம் 14 சதவீதம் இருக்கும்போது அரைப்பதே சரி. சாயங்காலம் பனி இறங்குமுன் நெல்லைக் குவித்துத் தார்ப்பாயால் மூடுகிற பழக்கம் வராத ஊரில் 63 சதவீதம் வராது. இதைக் கூட்டத்திலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

எந்த அளவு ஆலை

மணிக்கு ஒரு டன் என்று தகட்டில் எழுதியிருக்கும் ஆலை இந்தச் சங்கத்துக்குப் போதும். நடைமுறையில் அதை மணிக்கு 36 டின் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது முக்கால் டன். பெல்ட் நழுவும், நெல் மாற்றும்போது நிற்கும், கல் நீக்கியின் சல்லடையைத் துடைக்க வேண்டும். 36,000 டின்னை அப்படி அரைக்க 1,000 மணி நேரம், நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் 125 நாள். வருஷத்தில் இதைவிட அதிக நாள் உண்டு என்பதால் பெரிய ஆலை தேவையில்லை. பாதி நேரம் சும்மா நிற்கும் பெரிய ஆலையைப்போல ஒரு சங்கத்தை முடக்குவது வேறில்லை.

விலைப்பட்டியலில் நெல் பிரிப்பானும் கல் நீக்கியும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். விலையைக் குறைத்துக் காட்ட இவற்றை விட்டுவிடுவது உண்டு. பிரிப்பான் இல்லாவிட்டால் அரிசியில் நெல் தெரியும். அதை மறைக்க ஓட்டுநர் ரப்பர் உருளைகளை இறுக்குவார். உருளை சீக்கிரம் தேயும், அரிசி உடையும், வாங்கிய காரணமே போய்விடும். ஒரு தடவை ஓடும்போது 85 முதல் 90 சதவீத நெல்லுக்கு உமி கழன்றால் போதும். மிச்சத்தைப் பிரித்து மறுபடி அனுப்புவதே முறை.

ஏன் டின்னில் கணக்கு

கியாட்டில் ஏழு வருஷக் கணக்கு எழுதினால் மூன்றாம் வருஷத்துக்குள் எல்லா எண்ணும் பொய்யாகிவிடும். காசின் மதிப்பு விழ விழ நெல் விலையும் கூலியும் ஏறும். டின்னில் எழுதினால் அந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி விலகிவிடும். வாங்கும் நாளின் நெல் விலையால் வகுத்து, இயந்திரத்தின் விலையையும் டின்னாக மாற்றிவிடுங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. டின் கணக்கோடு கியாட் வட்டியைச் சேர்க்கக் கூடாது. கியாட் வட்டியில் பணவீக்கமும் கலந்திருக்கிறது, டின்னில் அது இல்லை. கூட்டத்தில் இப்படிக் கேளுங்கள்: "இன்னைக்கு நீங்க 100 டின் கொடுத்தா, அடுத்த அறுவடைக்கு எத்தனை டின் திரும்பி வந்தா உங்களுக்குச் சம்மதம்?" பெரும்பாலோர் 110 என்று சொன்னால் உங்கள் வட்டி 10 சதவீதம். அதைத் திருப்பிச் சொன்னால், அடுத்த வருஷத்து 110 டின் இன்றைய 100 டின்னுக்குச் சமம். ஒரு வருஷம் தள்ளி வரும் ஒவ்வொரு டின்னையும் 0.909 ஆல் பெருக்க வேண்டும். இரண்டு வருஷம் என்றால் 0.826. இப்படி ஒவ்வொரு வருஷ வரவையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டி, முதலீட்டைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நிகர இன்றைய மதிப்பு, என்பிவி என்று சொல்வது. கூட்டத்தில் அந்தப் பெயரே வேண்டாம், "இன்றைய டின்" என்றால் போதும்.

அட்டவணையைக் கட்டுவது

முதலீடு 4,500 டின் என்று வைப்போம். இயந்திரத் தொகுதி 2,600, டீசல் எஞ்சின் 700, கொட்டகையும் அடித்தளமும் களமும் 900, உதிரி உருளைகளும் ஒத்திகைச் செலவும் 300. இவை இந்த உதாரணத்தின் எண்கள். உங்கள் ஊர் விலைப்பட்டியலைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

அரைக்கும் ஒவ்வொரு 100 டின்னுக்கும் சங்கத்துக்கு வருவது கூலி 4 டின், தவிடும் பொடிக் குருணையும் விற்று 5 டின். போவது டீசலுக்கு 3 டின், உருளை, சல்லடை, பெல்ட்டுக்கு அரை டின். மிச்சம் 5.5 டின். ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆள் கூலி, காவல், கணக்கு எழுதுபவருக்கு வருஷம் 600 டின். முதல் வருஷம் 20,000 டின் அரைபடும், இரண்டாம் வருஷம் 30,000, பிறகு 36,000. ஐந்தாம் வருஷம் எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்ய 350 டின் கழித்திருக்கிறோம். ஏழாம் வருஷக் கடைசியில் பழைய இயந்திரம் 600 டின்னுக்கு விலைபோகும் என்று சேர்த்திருக்கிறோம்.

| வருஷம் | நிகர வரவு (டின்) | பெருக்கும் எண் | இன்றைய டின் |
|---|---|---|---|
| 0 | −4,500 | 1.000 | −4,500 |
| 1 | 500 | 0.909 | 455 |
| 2 | 1,050 | 0.826 | 867 |
| 3 | 1,380 | 0.751 | 1,036 |
| 4 | 1,380 | 0.683 | 943 |
| 5 | 1,030 | 0.621 | 640 |
| 6 | 1,380 | 0.564 | 778 |
| 7 | 1,980 | 0.513 | 1,016 |
| மொத்தம் | 4,200 | | 1,235 |

இரண்டாம் பத்தியை மட்டும் கூட்டி "4,200 டின் லாபம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே திருத்துங்கள். காத்திருப்பதற்கு உரிய 10 சதவீதத்தைக் கொடுத்த பிறகு மிஞ்சுவது 1,235 டின்தான். அது பூஜ்யத்துக்கு மேல் இருப்பதால் ஆலையைப் பரிந்துரைக்கலாம்.

கணினியில் சரிபார்க்க, முதலீட்டைக் கழித்தல் குறியோடு B2 கட்டத்திலும் ஏழு வருஷ வரவை B3 முதல் B9 வரையும் போட்டு இதை எழுதுங்கள்:

```
=NPV(10%,B3:B9)+B2
```

1,236 வரும். ஒரு டின் வித்தியாசம் பெருக்கும் எண்ணை மூன்று இலக்கத்தில் நிறுத்தியதால் வருவது. 1,124 வந்தால் B2 கட்டத்தையும் அடைப்புக்குள் சேர்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்தச் சூத்திரம் உள்ளே போடும் முதல் எண்ணையே ஒரு வருஷம் தள்ளி வருவதாக எடுத்துக்கொள்ளும். முதலீடோ இன்றே கையைவிட்டுப் போகிறது.

இன்னொரு தவறு இதைவிட மோசமானது. உறுப்பினருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் 3 மூட்டை அரிசியைச் சங்கத்தின் வரவிலும் சேர்த்துவிடுவார்கள். கூலிக்கு அரைக்கும் ஆலையில் அந்த அரிசி நெல்லைக் கொண்டுவந்தவர் வீட்டுக்குப் போகிறது. சங்கத்துக்கு அதில் ஒரு மணியும் இல்லை. சங்கத்தின் கணக்கை ஒரு தாளிலும், வீட்டின் கணக்கை இன்னொரு தாளிலும் எழுதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்.

அட்டவணையை நீங்களே உடைத்துப் பாருங்கள்

கூட்டத்தில் ஒருவர் உடைப்பதற்கு முன் நீங்கள் உடைத்திருக்க வேண்டும். இரண்டு சோதனை போதும்.

இரண்டாம் வருஷத்திலிருந்து அரைவை 25,000 டின்னிலேயே நின்றுவிட்டால் நிகர இன்றைய மதிப்பு −888. சங்கத்துக்கு நஷ்டம். இரண்டாம் வருஷம் முதல் எத்தனை டின் வந்தால் கணக்கு பூஜ்யத்தில் நிற்கும் என்று பார்த்தால், ஏறக்குறைய 29,000. இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். முன்மொழிவின் உயிர் இதில்தான் இருக்கிறது.

அடுத்தது டீசல். 100 டின்னுக்கு 3 டின் செலவு 4 டின் ஆனால், மற்ற எல்லாம் அப்படியே இருந்தாலும், மதிப்பு −320 அளவுக்கு இறங்கிவிடும். டீசல் விலை நெல் விலையோடு சேர்ந்து நடப்பதில்லை. டின் கணக்கு உங்களைக் காப்பாற்றாத இடம் இதுதான். அதனால் அரைவைக் கூலியை நிலையாக வைக்காமல், டீசல் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறினால் கூலியும் ஏறும் என்று தொடக்கத்திலேயே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். பிறகு ஏற்றினால் மனக்கசப்பு வரும். "உமியிலேயே எஞ்சின் ஓட்டலாமே" என்று யாராவது கேட்பார்கள். உமி எரிவாயு எஞ்சின்கள் இந்த நாட்டு ஆலைகளில் ஓடுகின்றன. ஆனால் வாயுவைக் கழுவும் கறுப்புத் தண்ணீரும் தாரும் போக இடம் வேண்டும். ஓடையில் விட்டால் கீழே இருக்கிற வயலும் கிணறும் கெடும். அந்த இடத்துக்குத் திட்டம் இல்லாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

உமியின் அளவையும் சொல்லிவிடுங்கள். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. 36,000 டின்னுக்கு 150 டன். செங்கல் சூளைக்காரர் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வரை அதற்கு வரவு எழுத வேண்டாம். கொட்ட இடத்தை மட்டும் காட்டுங்கள்.

கூட்டத்தில் பேசுவது

பொங்கல் கழிந்து, பர்மியப் புத்தாண்டான திங்யானுக்கு முன் கூட்டம் வையுங்கள். நெல் வீட்டில் இருக்கும், அரைத்த கணக்கு நினைவில் இருக்கும், மழை தொடங்குமுன் அடித்தளம் போட்டுக் காயவிடலாம், கார்த்திகை அறுவடைக்கு ஆலை தயாராகும். அட்டவணையைப் பர்மிய மொழியிலும் தமிழிலும் பெரிய தாளில் எழுதுங்கள். இரண்டு மொழியிலும் பேசுங்கள். பேச்சு ஐந்து நிமிஷத்துக்கு மேல் போக வேண்டாம். இப்படித் தொடங்கலாம்:

"பெரியவங்களே, அண்ணன்மாரே, அக்காமாரே. போன அறுவடையில நம்ம உறுப்பினர்கள் வெளி மில்லுல அரைச்ச நெல்லு இந்த நோட்டுல இருக்கு, ஒவ்வொருத்தர் கையெழுத்தோட. ஒரே களத்து நெல்லை ரெண்டு மில்லுல அரைச்சு நிறுத்தோம், ரெண்டு சாக்கும் இங்க இருக்கு, நீங்களே தூக்கிப் பாருங்க. புது மில்லு போட சங்கம் 4,500 டின் போடணும். மூணாம் வருஷத்துலேருந்து வருஷம் 36,000 டின் வந்தா, பத்து வட்டி போக 1,235 டின் மிஞ்சும். 29,000க்குக் கீழ போனா நஷ்டம். அதனால இன்னைக்கு நான் பணம் கேக்கல. யார் எத்தனை டின் கொண்டுவருவீங்கன்னு கேக்கறேன்."

அந்த இரண்டு சாக்கையும் உண்மையிலேயே மேடைக்கு முன்னால் வையுங்கள். ஒன்றில் ஹல்லர் அரிசி, ஒன்றில் புது ஆலை அரிசி, முன்னால் ஒரு தட்டில் இரண்டு தவிடும். ஹல்லர் தவிட்டை உள்ளங்கையில் தேய்த்தால் உமி குத்தும். மற்றது மாவு போல ஒட்டும். மாடு, பன்றி, கோழி வளர்க்கிறவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

"மில்லு ரிப்பேர் ஆனா?" என்று கட்டாயம் கேட்பார்கள். நேராகப் பதில் சொல்லுங்கள். இரண்டு ரப்பர் உருளையில் ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் சுற்றும். வேகமானது முதலில் தேயும். விட்டம் குறையக் குறைய இரண்டின் வேக வித்தியாசம் போய், உமி கழலாது. அதனால் தேய்மானம் கண்ணுக்குத் தெரிந்ததும் இரண்டையும் இடம் மாற்றிப் போட வேண்டும். பிரிப்பானிலிருந்து திரும்பி வரும் நெல் கூடினால் அதுதான் அறிகுறி. உதிரி உருளைகளை ஒரு பருவத்துக்கு மேல் வாங்கிக் குவிக்காதீர்கள். தகரக் கூரைச் சூட்டில் ரப்பர் இறுகிவிடும், பிறகு பிடிக்காது. நிழலான, டீசல் படாத அறையில் வையுங்கள்.

தீர்மானத்தில் என்ன எழுதுவது

"ஆலை வாங்க ஒப்புதல்" என்று ஒற்றை வரியில் எழுதி முடிக்காதீர்கள். நான்கு நிபந்தனைகள் வேண்டும். இரண்டாம் வருஷம் முதல் வருஷத்துக்கு 30,000 டின்னுக்கு உறுப்பினர் கையெழுத்து திங்யானுக்கு முன் வந்தால்தான் முன்பணம் கொடுக்கப்படும். சங்கத்தின் சொந்த நெல்லில் ஒத்திகை ஓட்டி, 63 சதவீதத்துக்கு ஒன்றிரண்டு மட்டுமே குறைந்தால் மீதிப் பணம் கொடுக்கப்படும். கூலியும் டீசலும் எப்படிச் சேர்ந்து மாறும் என்ற விதி இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், அரைத்த டின், விற்ற தவிடு, எரிந்த டீசல் மூன்றும் இதே அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டப்படும்.

கையெழுத்து 30,000 டின்னைத் தொடவில்லை என்றால், முன்பணம் கொடுக்காமல் கணக்கை அடுத்த பொங்கலுக்கு வைத்துவிட்டு, களத்தில் அளந்துபோகும் அந்த 16,000 டின் ஏன் போகிறது என்று விசாரியுங்கள். உர முன்பணத்தைச் சங்கமே கொடுக்க முடிந்தால் அதில் ஒரு பகுதி உங்கள் ஆலைக்குத் திரும்பும்.